துடியிடைக்கு ரெடிமேட்: இறுக்காமலும் மறைக்காமலும்

ஹவர்கிளாஸ் என்று இன்று சொல்லும் உடல்வாகுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: துடியிடை. துடி என்பது உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய தோல்கருவி. மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே அகலம், நடுவில் மட்டும் சட்டென்று ஒடுக்கம். மணற்கடிகாரத்தைவிட இது பொருத்தமான உவமை என்றே தோன்றுகிறது, ஏனென்றால் உடுக்கையின் மேல் ஒரு துணியைப் போர்த்திப் பார்த்தால் பிரச்சினை உடனே புரிந்துவிடும். துணி மேல் விளிம்பில் தட்டி நேராகக் கீழ் விளிம்புக்கு இறங்கும். நடுவில் ஒடுக்கம் இருக்கிறது என்பதே வெளியே தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒன்று துணியை இழுத்து ஒட்ட வைக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் உள்ள கூடுதல் துணியைத் தையலால் எடுக்க வேண்டும். கடையில் தொங்கும் உடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வேலையைப் போதுமான அளவு செய்வதில்லை. அதனால்தான் ஒரு உடை உடம்போடு ஒட்டுகிறது, அடுத்தது கூடாரமாக நிற்கிறது.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். "இடுப்பு" என்ற சொல்லை நாம் இரண்டு இடத்துக்கும் பயன்படுத்துகிறோம். தொப்புளை ஒட்டிய ஒடுங்கிய இடமும் இடுப்புதான், உட்காரும்போது அகலும் இடமும் இடுப்புதான். தையல்காரரிடம் "இடுப்பு லூசா இருக்கு" என்றால் அவர் எந்த இடத்தைப் பிடிப்பார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். இந்தக் கட்டுரையில் ஒடுங்கிய இடம் இடை. அகன்ற இடம், அதாவது இடையிலிருந்து 7 முதல் 9 இன்ச் கீழே வருவது, இடுப்பு. அளவு அட்டவணையில் 'வெயிஸ்ட்' என்று இருப்பது இடை, 'ஹிப்' என்று இருப்பது இடுப்பு.

அட்டவணை எங்கே கைவிடுகிறது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே பிடித்துப் போவோம். மார்பு 38 இன்ச், இடை 28, இடுப்பு 39. மார்புக்கும் இடைக்கும் 10 இன்ச் வித்தியாசம், இடுப்புக்கும் இடைக்கும் 11. நல்ல துடியிடை இது.

இப்போது ஒரு சாதாரண அளவு அட்டவணை. மீடியம் என்றால் 36–29–39, லார்ஜ் என்றால் 38–31–41 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆனால் மார்புக்கும் இடைக்கும் 7 இன்ச் சுற்றி வித்தியாசம் வைப்பது பரவலான வழக்கம். நம் உதாரணத்துக்குத் தேவை 10. எந்த வரிசைக்குப் போனாலும் அந்த 3 இன்ச் கூடவே வரும், ஏனென்றால் அளவு ஏறும்போது மூன்று எண்களும் சேர்ந்தே ஏறுகின்றன. சைஸ் மாற்றிப் பார்ப்பதால் இது தீராது என்பதற்கு இதுதான் காரணம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவு. தைத்த துணியின் அளவு அதைவிடப் பெரியது. இந்தக் கூடுதலைத்தான் தையல்காரர்கள் லூசிங் என்கிறார்கள். நெய்த துணியில், அதாவது இழுபடாத காட்டன், லினன், ரேயான் போன்றவற்றில் தைத்த ஒரு சட்டைக்கு மார்பில் 4 இன்ச் லூசிங் இருந்தால், இடுப்பில் 2 இன்ச்சும் இடையில் 6 இன்ச்சும் விட்டிருப்பார்கள். இடையில் சட்டை தாராளமாக இருந்தால் யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள் என்ற கணக்கு அது. ஆக லார்ஜ் சட்டையின் தைத்த அளவு மார்பில் 42, இடையில் 37, இடுப்பில் 43 என்று வரும். அந்த 37-ஐ 28 இன்ச் இடையின் மேல் போடுகிறோம். 9 இன்ச் துணி சும்மா நிற்கிறது.

மீடியம் எடுத்தால்? தைத்த மார்பு 40 இருக்கும், லூசிங் 2 இன்ச்தான். நின்றபடி கண்ணாடியில் பார்க்கும்போது சரியாகத்தான் தெரியும். கையை முன்னால் நீட்டியதும் இரண்டு பட்டன்களுக்கு நடுவில் வாய் பிளக்கும். இடையில் மட்டும் 7 இன்ச் கூடுதல் அப்படியே இருக்கும். அதாவது மார்பை நெருக்கியும் இடை கிடைக்கவில்லை. சின்ன சைஸ் எடுத்தால் இடை தெரியும் என்ற நம்பிக்கை நெய்த துணியில் பலிக்காது.

அதனால் விதி எளிது: மார்புக்கும் இடுப்புக்கும் எது பெரிதாக வேண்டுமோ அந்த சைஸ், இடையை மட்டும் பிடித்துக்கொள்வது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. தோள். மார்புச் சுற்றளவை அதன் உயரமான இடத்தில் ஒரு தடவையும், அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே ஒரு தடவையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 இன்ச்சைத் தாண்டினால் எலும்புக் கட்டு சின்னது, மார்பு மட்டும் பெரியது என்று பொருள். அப்போது மார்புக்கு எடுத்த சைஸின் தோள் கீழே இறங்கும். தோள் தையல் தோள் முனையிலிருந்து அரை இன்ச்சுக்கு மேல் கையில் இறங்கியிருந்தால் அந்தச் சட்டையை வைத்துவிடுங்கள். கையைப் பிரித்து, ஆம்ஹோலை வெட்டி, மறுபடி கை ஏற்றுவது சட்டையைப் பாதி புதிதாகத் தைக்கிற வேலை. இவர்களுக்குக் கழுத்திலிருந்தே கை தொடங்கும் ராக்லன் கையும், தோள் இறக்கத்தையே வடிவமாக வைத்துத் தைத்தவையும் தொல்லை இல்லாதவை. அங்கே தோள் தையல் எங்கே விழுகிறது என்ற கேள்வியே கிடையாது.

இடை எந்த உயரத்தில் இருக்கிறது

சுற்றளவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இடையில் ஜாயின்ட் உள்ள ஒரு ஃபிராக் நன்றாக இருப்பதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த உயரத்தால்தான்.

உங்கள் இடை எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு பக்கமாகச் சாயுங்கள். மடிப்பு விழும் இடம் இடை. அங்கே ஒரு எலாஸ்டிக் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், தானாகவே ஒடுங்கிய இடத்தில் போய் உட்காரும். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து டேப்பை விட்டு, மார்பின் உயரமான இடத்தைத் தொட்டு, எலாஸ்டிக் வரை அளங்கள். இது முன்பக்க இடை உயரம். உதாரணத்துக்கு 18 இன்ச் என்று கொள்வோம். பிறகு ஃபிராக்கை மேசையில் விரித்து, அதே கழுத்து–தோள் முனையிலிருந்து இடை ஜாயின்ட் வரை அளந்து பாருங்கள். 16½ இன்ச் இருந்தால், அணியும்போது அந்த ஜாயின்ட் முன்னால் ஒன்றரை இன்ச் மேலே ஏறி விலா எலும்பின் மேல் உட்காரும்.

ஏன் இப்படி? ரெடிமேட் உடைகளின் அடிப்படை வடிவம் பெரும்பாலும் நடுத்தரமான மார்புக்காக வரையப்பட்டது. மார்பு பெரிதாக இருந்தால் துணி சுற்றிப் போக மட்டும் கூடுதல் அகலம் போதாது, மேலிருந்து கீழே ஏறி இறங்கவும் கூடுதல் நீளம் வேண்டும். சைஸ் ஏற்றினால் அகலம் தாராளமாகக் கூடும், நீளம் சொற்பமாகவே கூடும். அந்தப் பற்றாக்குறை முன்பக்க ஜாயின்ட்டில் வந்து முடியும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஜாயின்ட் முதுகில் நேராக வந்து, முன்னால் வரும்போது வில் போல மேலே வளைந்தால் முன்பக்க நீளம் போதவில்லை. விலாவின் மேல் ஒடுங்கி, உண்மையான இடையின் மேல் ஸ்கர்ட் விரியத் தொடங்கும் உடை, இடையை அழுத்தமாக மறைக்கிறது. மார்புக்குக் கீழேயே விரியும் எம்பயர் கட் செய்வதும் இதைத்தான். வித்தியாசம், அது தெரிந்தே செய்கிறது.

ஜாயின்ட் அரை இன்ச் மேலே இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரு இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் பொறுக்காது, சரிசெய்யவும் முடியாது, ஏனென்றால் உள்ளே தையலுக்கு விட்ட துணி அரை இன்ச்கூட இருக்காது. கீழே இறங்கியிருந்தால் கதை வேறு. ஜாயின்ட்டைப் பிரித்து, மேல் பகுதியின் கீழ் ஓரத்தில் தேவையானதை வெட்டி, ஸ்கர்ட்டைத் திரும்ப வைத்துத் தைக்கலாம். ஆகவே இரண்டு சைஸுக்கு நடுவில் தயங்கும்போது ஜாயின்ட் சற்றுக் கீழே விழுவதை எடுப்பது புத்திசாலித்தனம். ஜாயின்ட் இல்லாத உடைகள், அதாவது தோளிலிருந்து கீழ்வரை தையல்கள் ஓடும் பிரின்சஸ் கட், இதில் கொஞ்சம் மன்னிக்கும் குணம் உள்ளவை. ஒடுக்கம் ஒரே கோட்டில் இல்லாமல் சில இன்ச் உயரத்துக்குப் பரவியிருப்பதால் அரை, முக்கால் இன்ச் தவறு வெளியே தெரியாது. துடியிடைக்கு ஒரே ஒரு கட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பிரின்சஸ் கட்டையே தேர்ந்தெடுக்கலாம். தைத்த பிறகு பிடிக்கவும் நான்கு, ஆறு தையல்கள் கிடைக்கின்றன.

இடையில் மடிப்பு என்றால் இடுப்பைப் பாருங்கள்

இது பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம். நேராக நிற்கும்போது முதுகின் கீழே, இடைக்குச் சற்று மேல், துணி ஒன்றிரண்டு குறுக்கு மடிப்பாகக் குவிகிறது. பார்த்ததும் "இடையில் துணி அதிகம்" என்று தோன்றும். பிடித்துத் தைக்கக் கொடுப்போம். திரும்பி வந்ததும் மடிப்பு இன்னும் மோசமாகியிருக்கும்.

நடந்தது என்னவென்றால், அந்த உடை இடுப்பில் இறுக்கம். இறுகிய துணிக்கு ஓர் இயல்பு உண்டு, தனக்கு இடம் கிடைக்கும் ஒடுங்கிய பகுதியைத் தேடி மேலே ஏறும். துடியிடையில் அந்த ஒடுங்கிய பகுதி ஒரு சாண் மேலேயே இருக்கிறது. இரண்டடி நடந்தாலே ஏறிவிடும். ஏறிய நீளம் இடையில் போய்ச் சுருண்டு நிற்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். முன்னால் பட்டன் உள்ள உடை என்றால் இடைக்குக் கீழே உள்ள பட்டன்களை அவிழ்த்துவிடுங்கள். பக்கத்தில் ஜிப் உள்ளது என்றால் அதை இடுப்பு வரை திறந்து பாருங்கள். துணி கீழே சரிந்து மடிப்பு மறைந்தால் குற்றவாளி இடுப்பு. மறையாவிட்டால்தான் முதுகுப் பக்கம் நீளம் அதிகம், அல்லது உங்கள் முதுகு வளைவு ஆழமானது. குர்தா போன்ற நீளமான மேலுடைகளில் பக்க ஓப்பன் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இடுப்பின் அகலமான இடத்துக்கு ஒரு இன்ச்சாவது மேலே தொடங்கினால் இந்தத் தொல்லை வராது. கீழே தொடங்கினால் அந்த ஓப்பன் வெறும் அலங்காரம்தான், அகலமான இடத்தைத் தையல் இறுக்கிப் பிடித்திருக்கும்.

இடுப்பில் எவ்வளவு லூசிங் வேண்டும் என்பதைக் கையாலேயே சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் அரை இன்ச் ஆழத்துக்கு மடிப்பு வந்தால் அங்கே ஒரு இன்ச் துணி, இரண்டு பக்கமும் சேர்த்து 2 இன்ச். நெய்த துணிக்கு இதுதான் குறைந்தபட்சம். பிறகு உட்காருங்கள், உட்கார்ந்தால் இடுப்பு இன்னும் அகலும். உட்கார்ந்தபின் தொடையின் மேல் குறுக்குக் கோடுகள் இழுத்து நின்றால் அந்த 2 இன்ச் போதவில்லை, ஒரு இன்ச் கூட வேண்டும்.

ஒட்டுவதற்கு இன்னொரு காரணம் துணியே. மெல்லிய ஜெர்சி, உடம்பு அளவைவிடச் சிறிதாகவே தைக்கப்பட்டு இழுபட்டு நிற்பதற்காகவே செய்யப்பட்டது. அது இடையைக் காட்டும், அதோடு சேர்த்து உள்ளாடையின் ஓரத்தையும் காட்டும். சாய்வு வாட்டத்தில் வெட்டிய சாட்டின் ஸ்கர்ட்டும் இப்படித்தான்: தொங்கும்போது தண்ணீர் போல இருக்கும், நடந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டும். பின்னல் துணி வேண்டுமென்றால் போன்டே போன்ற இரட்டைப் பின்னலைத் தேடுங்கள். சாதாரண டி-ஷர்ட் ஜெர்சி சதுர மீட்டருக்கு 150–180 கிராம் என்றால் போன்டே 250-க்கு மேல் இருக்கும். எடை எழுதாவிட்டால் துணியை முஷ்டியின் மேல் இழுத்துப் பிடியுங்கள். முட்டிகளின் மேடு பள்ளம் தெளிவாகத் தெரிந்தால் அது உடம்பிலும் எல்லாவற்றையும் சொல்லும்.

மறுபக்கம், விறைப்பான பாப்ளினும் கனமான லினனும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் மார்பிலிருந்து நேராகக் கீழே இறங்கிக் கூடாரம் அடிக்கும். இவற்றில் டாட், அதாவது கூடுதல் துணியைக் கூரான முனையாக மடித்துத் தைக்கும் தையல், இல்லாமல் இடை தெரியாது. கிரேப், ரேயான் போன்ற தளர்ந்த துணிகள் நடுவில் நிற்பவை: தானாகவே உள்ளே சரிந்து இடையைக் கோடி காட்டும், ஒட்டாது. தையலுக்குக் கொடுக்க நேரம் இல்லாதவர்களுக்கு இவைதான் முதல் தேர்வு.

வடிவம் துணியில் இல்லை, தையலிலும் உள் அமைப்பிலும் இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் தியோர் காட்டிய, பிறகு 'நியூ லுக்' என்று பெயர் பெற்ற உடைகளில் ஒரு ஜாக்கெட் புகழ்பெற்றது. அதன் இடை அவ்வளவு ஒடுக்கமாகத் தெரிந்ததற்கு, இடுப்புப் பக்கம் உள்ளே பஞ்சு வைத்து விரித்திருந்தது ஒரு முக்கியக் காரணம். இடை சின்னதாகத் தெரிய அதன் அக்கம்பக்கத்துக்கு இடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பஞ்சு நமக்கு வேண்டாம், துடியிடைக்கு இயற்கையே அதைச் செய்து வைத்திருக்கிறது.

லார்ஜ் சட்டையில் 5 இன்ச் எடுப்பது

இப்போது நம் 42–37–43 சட்டைக்கு வருவோம். உடம்பு 38–28–39. மார்பில் 4, இடுப்பில் 4 லூசிங் இருக்கிறது, இரண்டையும் தொட வேண்டாம். இடையிலும் அதே 4 இருந்தால் சட்டை உடம்பைத் தொடாமல் அதன் கோட்டை மட்டும் பின்தொடரும். 28 கூட்டல் 4, 32. ஆகவே 37-லிருந்து 5 இன்ச் எடுக்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள இரண்டு தையல்களிலேயே மொத்தத்தையும் பிடித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒரு பக்கத்துக்கு 2½ இன்ச் போகும். பக்கத் தையல் திடீரென்று உள்ளே வளைந்து திடீரென்று வெளியே வரும், அந்த வளைவில் துணி இழுத்துச் சாய்வு மடிப்புகள் விழும். முன்பக்கமும் முதுகும் அப்படியே பலகையாக இருக்கும். உடம்பு பக்கவாட்டில் மட்டும் ஒடுங்குவதில்லை, முதுகில்தான் ஆழமான பள்ளம் இருக்கிறது. துணியை எடுக்க வேண்டியதும் முதலில் அங்கேதான்.

பங்கீடு இப்படி இருக்கட்டும். முதுகில் இரண்டு டாட், ஒவ்வொன்றும் 1 இன்ச் துணி எடுக்கும்: மொத்தம் 2. இரண்டு பக்கத் தையலிலும் ஒவ்வொன்றுக்கு 1 இன்ச், அதாவது பழைய தையலிலிருந்து அரை இன்ச் உள்ளே புதுத் தையல்: மொத்தம் 2. முன்பக்கம் இரண்டு டாட், ஒவ்வொன்றும் அரை இன்ச்: மொத்தம் 1. கூட்டினால் 5. முன்பக்கம் குறைவாக எடுப்பதற்குக் காரணம், அங்கே அதிகம் எடுத்தால் மார்புக்குக் கீழே துணி உள்ளே உறிஞ்சப்பட்டது போல ஒட்டும். நாம் தவிர்க்க நினைத்ததே அதுதான். முன்பக்கம் பை இருந்தாலோ துணி பெரிய கோடு போட்டதாக இருந்தாலோ முன் டாட்டை விட்டுவிடலாம், 33-லேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஒரு இன்ச் யார் கண்ணிலும் படாது.

முதலில் சட்டையைத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். காட்டனும் ரேயானும் முதல் தண்ணீரில் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் போட்ட கணக்கு வீண். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி அணிந்து, இடையில் எலாஸ்டிக் கட்டி, அந்தக் கோட்டைச் சுற்றிலும் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். சட்டை தைத்தவர் நினைத்த இடை உயரத்தை நம்ப வேண்டாம், உங்கள் இடையே கணக்கு.

முதுகு டாட் இரண்டு முனையும் கூர்மையாக, நடுவில் அகலமாக, மீன் போல இருக்கும். முதுகின் நடுக்கோட்டிலிருந்து 4 இன்ச் தள்ளி, நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு நேர்கோடு போடுங்கள். இடைக் குறியிலிருந்து மேலே 6 இன்ச், கீழே 4½ இன்ச். இடைக் குறியில் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் அரை அரை இன்ச் புள்ளி வைத்து, மேல் கீழ் முனைகளோடு இணையுங்கள். நேர்கோட்டில் துணியை மடித்தால் இரண்டு பக்கப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று வரும். கீழ் முனை இடுப்பின் அகலமான இடம் வரை போகக் கூடாது. போனால் அங்கே உள்ள லூசிங்கைத் தின்றுவிடும், மேலே சொன்ன ஏறும் வியாதி வந்து சேரும்.

மிஷினில் தைப்பதற்கு முன் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு அணிந்து பாருங்கள். கைகளை முன்னால் நீட்டுங்கள், உட்காருங்கள், குனியுங்கள். டாட்டின் முனையில் சின்னக் குமிழ் நின்றால் முனை அவசரமாக முடிந்திருக்கிறது. இன்னும் ஒரு இன்ச் நீட்டி, கடைசி அரை இன்ச்சில் மடிப்பின் ஓரத்தை ஒட்டியே இறக்க வேண்டும். முனையில் பின்னோக்கித் தையல் போட வேண்டாம், அதுவே ஒரு முடிச்சுக் கட்டியை உண்டாக்கும். நூலை விட்டு வெட்டிக் கையால் முடிச்சிடுங்கள். டாட்டுக்கு நேராகக் குறுக்கே துணி இழுத்தால் நடுவில் எடுத்தது அதிகம், கால் இன்ச் குறைக்கலாம். துணி கனமானதாக இருந்து மடிப்பு வளைய மறுத்தால், தைத்த பின் உள்ளே இருக்கும் மடிப்பின் நடுவில், தையலுக்குக் கால் இன்ச் முன்பு வரை, ஒரு சின்ன வெட்டு கொடுத்தால் படிந்துவிடும். அயர்ன் செய்யும்போது மடிப்பை முதுகின் நடுப்பக்கமாகச் சாய்த்து, கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான பலகையில் தேய்த்தால் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த வளைவு தட்டையாகிவிடும்.

முன் டாட்டுக்கும் இதே முறை. மேல் முனை மட்டும் மார்பின் உயரமான இடத்துக்கு 2 இன்ச் கீழேயே நின்றுவிட வேண்டும். அந்த இடம் வரை போனால் கூம்பு போலக் குத்தும். பக்கத் தையலை ஆம்ஹோலுக்கு 2, 3 இன்ச் கீழே ஒன்றுமில்லாமல் தொடங்கி, இடையில் அரை இன்ச் உள்ளே வந்து, இடுப்பில் மறுபடி பழைய தையலோடு சேர்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கூடுதல் துணியை உடனே வெட்ட வேண்டாம். இரண்டு முறை அணிந்து பார்த்த பிறகு வெட்டலாம்.

பெல்ட்டும் எலாஸ்டிக்கும்

இவ்வளவு எதற்கு, ஒரு பெல்ட் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மெல்லிய துணியில் 3, 4 இன்ச் கூடுதல் என்றால் போதும். 9 இன்ச் கூடுதலை பெல்ட்டால் கட்டினால் அந்த 9 இன்ச் எங்கும் போகாது, சுற்றிலும் சுருக்கமாக நின்று இடையைத் தடிப்பாக்கும். கட்டினாலும் சுருக்கத்தை முதுகுப் பக்கம் தள்ளி முன்பக்கத்தைத் தட்டையாக வையுங்கள். பெல்ட்டின் அகலத்துக்கும் கணக்கு இருக்கிறது. மார்புக்குக் கீழ்க் கோட்டிலிருந்து இடை வரை 4 இன்ச்சுக்குள்தான் இடம் என்றால் அகலமான பெல்ட் அந்த இடம் முழுவதையும் நிரப்பிவிடும், மார்பு பெல்ட்டின் மேலேயே உட்காரும். ஒரு இன்ச் பெல்ட் போதும்.

எலாஸ்டிக் வைத்த ஃபிராக்குகளில் முன்பக்கம் தட்டையாகவும் முதுகில் மட்டும் எலாஸ்டிக்காகவும் இருப்பவை நல்லவை. சுற்றிலும் எலாஸ்டிக் என்றால் ரெடிமேடில் அது உங்கள் இடைக்குத் தளர்வாகவே இருக்கும், தளர்ந்த எலாஸ்டிக் கீழே சரிந்து இடுப்பின் மேல் போய் நிற்கும். மாற்றுவது எளிது: உறையின் தையலை ஓரிடத்தில் 2 இன்ச் பிரித்து, பழையதை உருவி, இடை அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை இன்ச் குறைந்த புது எலாஸ்டிக்கைக் கோத்து, முனைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைக்க வேண்டும்.

ஒன்றின் மேல் ஒன்று மடித்துக் கட்டும் ராப் டிரஸ் துடியிடைக்கென்றே பிறந்தது என்பார்கள். 1974-இல் ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் அதை ஜெர்சியில் கொண்டுவந்தபோது பரவலானது. இடையை நீங்களே கட்டிக்கொள்வதால் சுற்றளவுப் பிரச்சினை அங்கே இல்லை. உயரப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கயிறு நுழையும் துளை பக்கத் தையலில் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த உடையின் இடை. முன்பக்க நீளம் குறைவாக இருந்தால் கழுத்து ஓரம் வாய் பிளக்கும். இறுக்கிக் கட்டினால் மூடாது, இன்னும் திறக்கும், ஏனென்றால் இறுக்கும்போது துணி பக்கவாட்டில்தான் இழுபடுகிறது. இரண்டு ஓரமும் குறுக்கே சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன பிரஸ் பட்டன் வைப்பது நிவாரணம். கட்டுவது போலத் தோற்றம் மட்டும் காட்டி உள்ளே மூடித் தைத்தவைக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அவற்றைச் சாதாரண ஃபிராக் போல அளந்தே வாங்க வேண்டும்.

பேண்ட்டில் இதே கதை முதுகுப் பக்கத்தில் நடக்கும். இடுப்புக்குச் சரியாக எடுத்தால் பின்னால் பட்டைக்குள் கை நுழையும். பட்டை நேராக இல்லாமல் மேலே ஒடுங்கி வளைவாக வெட்டப்பட்டதா என்று மேசையில் விரித்துப் பாருங்கள், வளைந்தவை பின்னால் அவ்வளவு விலகாது. பின் நடுத் தையலில் ஒன்றரை இன்ச் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும், அப்போது மீதியை நடுவுக்கும் பக்கத்துக்கும் இடையில் இரண்டு சின்ன டாட்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். அதற்குப் பட்டையைக் கழற்றியாக வேண்டும். தையல்காரர் அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் அது நியாயமான கூலி.